அவன் வழுக்கி விழவில்லை

என் வீட்டுக்காரரை இந்தக் கல்லூரியில் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. முதல்வரில் தொடங்கி வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'கவிஞர்'. வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. குடுவை கழுவுவது, அமிலத்தை அளந்து ஊற்றி வைப்பது, பிள்ளைகள் உடைத்த கண்ணாடியைப் பெருக்குவது எல்லாம் சம்பளம் வாங்கும் உத்தியோகம். சம்பளம் இல்லாத உத்தியோகம் ஒன்று தனியாக உண்டு. யாராவது ஓய்வு பெற்றால் ஒரு கவிதை, ரத்ததான முகாமுக்கு ஒரு கவிதை, மரம் நட்டால் ஒரு கவிதை. நட்ட மரம் பட்டுப்போனதற்கும் ஒருமுறை எழுதிக் கொடுத்தார். மாட்டேன் என்று சொல்ல அந்த மனிதருக்கு நாக்கு புரளாது.

எனக்கு நன்றாகவே புரளும். கல்லூரி வாசலுக்கு எதிரே நான் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க, "அக்கா, சீக்கிரம்க்கா, சார் உள்ள விட மாட்டாருக்கா" என்று கழுத்தில் கத்தி வைக்கிற பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள். வாய் இல்லாவிட்டால் என்னை நகல் எடுத்து விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். அவருடைய கவிதைகளையெல்லாம் டைப் அடிப்பதும் நான்தான். "இதுல இருக்கிற நிலாவை எடுத்துட்டா ஒரு பக்கம் மிச்சமாகும்" என்பேன். சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவார்.

அவருக்கு இடது காது கேட்காது. கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் தனியாகப் பேச வந்தபோது, "நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க" என்று நாற்காலியை மாற்றிப் போட்டார். என்னவோ மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். சண்டை வந்தால் நைசாக இடது பக்கத்தை என்னிடம் திருப்பிவிடுவார். நானா விடுவேன்? சுற்றிப் போய் வலது பக்கம் நின்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

அந்தக் காது போன கதையை அவர் என்னிடம் சொல்ல இரண்டு வருடம் ஆனது. சொன்ன நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. இன்றைக்கும் அணையவில்லை.

இதே கல்லூரியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தவர் அவர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். விடுதியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இவர் கவிதை எழுதுகிறவர் என்று மேல் வகுப்புப் பையன்களுக்குத் தெரிந்துபோனது. அவர்களுக்குத் தலைவன் ஒருவன் இருந்தான். கால்பந்து அணிக்கு அவன்தான் கேப்டன். அதனால் விடுதி முழுக்க அவனை அப்படியேதான் கூப்பிடும். அவன் இவரைக் குளியலறைப் பக்கம் வரவழைத்து, எல்லோர் எதிரிலும் தன்னைப் புகழ்ந்து ஒரு கவிதை சொல்லச் சொன்னான். இவரும் பயந்துகொண்டே சொன்னார். அதில் எந்த வரியோ கேட்டு மற்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று கேப்டனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஓங்கி ஒரே அறை. காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக ஓடியது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனவனும் அவனேதான். போகிற வழியிலேயே பாடம் நடத்தினான்.

"வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. வேற ஏதாவது சொன்னே, அடுத்த காதும் போயிடும்."

இவர் வழுக்கி விழுந்தேன் என்றார். டாக்டர் அப்படியே எழுதினார். கூட இருந்த பையன்களும் தலையாட்டினார்கள். அதற்குமேல் அந்த விடுதியில் இவருக்குத் தூக்கம் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "படிக்கப் பயந்து ஓடி வந்தவன்" என்று மாமனார் சாகும்வரை சொல்லிக் காட்டினார். மாமியார் இன்றைக்கும் இவர் குளிக்கப் போனால், "பாத்து நடடா, மறுபடி விழுந்து வைக்காதே" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் பாத்திரத்தைப் போட்டு உடைக்கலாம் போல இருக்கும் எனக்கு. இவரோ, "சரிம்மா" என்று போவார். பிறகு சின்னப் படிப்பு ஒன்றை எங்கேயோ முடித்து, வேறு வேலை கிடைக்காமல், அதே கல்லூரிக்குக் குடுவை கழுவ வந்தார்.

அந்தக் கேப்டன் என்ன ஆனான்? பெரிய வக்கீல் ஆனான். டிவியில் நியாயம் பேசுகிறான். பழைய மாணவர் சங்கத்துக்கு அவன்தான் தலைவர். கல்லூரியில் எந்த விழா என்றாலும் நடு நாற்காலி அவனுக்கு. ஒருமுறை இவரைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றானாம். ஆள் அடையாளம்கூடத் தெரியவில்லை. இவரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி நான் சோறு போடவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டார்.

போன வருடம் அதற்கும் மேலே போனான். ராகிங் தடுப்பு விழிப்புணர்வு வாரத்தின் நிறைவு விழாவுக்கு அவன்தான் சிறப்பு விருந்தினர். மேடையில் ஏறி, "எங்க காலத்துல ராகிங்னா அது ஒரு அன்பு. அப்படித்தான் நாங்க நட்பானோம், தைரியமானோம்" என்று திருவாய் மலர்ந்தான். முன்வரிசையில் இருந்த துணை முதல்வர் மேடம் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பின்வரிசைப் பையன்கள் சிலர் விசில் அடித்தார்கள். கவிஞர் தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"அவன் வாயாலேயே அதைச் சொல்ல வைக்கணும்."

எதை என்று நான் கேட்கவில்லை. நான் அடித்தேன் என்று அவன் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இந்த வருட விழிப்புணர்வு வாரம் வந்தது. வழக்கம்போலக் கவிதைக்கு இவரிடம் வந்தார்கள். எங்கள் கல்லூரியில் ஒரு பழக்கம் உண்டு. வாரத்தின் கடைசி நாள், அந்த வாரத்துக்காக எழுதிய கவிதையைச் சிறப்பு விருந்தினர் மேடையில் படிப்பார். அவர் ஒரு வரி சொல்ல, அரங்கம் முழுவதும் எழுந்து நின்று அதே வரியைத் திருப்பிச் சொல்லும். உறுதிமொழி மாதிரி. கடைசி வரி முடிந்த பிறகுதான் எழுதியவர் யார் என்று அறிவிப்பார்கள். போன வருடம் கேப்டன் பேசிய கையோடு கிளம்பிவிட்டதால் மேடம்தான் படித்தார். பழைய மாணவர் சங்கத் தலைவரை விட முடியாதாம், இந்த வருடமும் விருந்தினர் அவன்தான் என்று அழைப்பிதழ் அச்சடிக்க என் கடைக்கே வந்தது. அதை டைப் அடித்தபோது அவன் பெயர் வந்த இடத்தில் விசைகளை ஓங்கி ஓங்கிக் குத்தினேன்.

முதல் வரைவை இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம் என்று சொல்ல வேண்டும். அவர் எழுதினார், நான் ஏற்றிவிட்டேன். "கை நீட்டும் கையை ஒடிப்போம்" என்பது என் வரிதான். குளியலறை, கூட்டம், சிரிப்பு, அறை, ரத்தம் எல்லாம் அதில் இருந்தது. அடித்தவனே பேசுகிற மாதிரி, "நான் அடித்தேன், நான் அடித்தேன்" என்று வரிக்கு வரி வந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

ராகிங் தடுப்புக் குழு அதை வரிவரியாகப் பிய்த்துப் போட்டது. திருத்தங்களை உடனே ஏற்றுவதற்காக என்னையும் மடிக்கணினியோடு வரச் சொல்லியிருந்தார்கள். துணை முதல்வர் மேடம், காவல் நிலைய இன்ஸ்பெக்டர், மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்கிற அம்மா, மாணவர் பிரதிநிதியாக ஒரு இறுதியாண்டுப் பெண், ஊழியர் சார்பில் என் வீட்டுக்காரர். ஒரு நீள மேசை, ஆளுக்கொரு டீ.

இன்ஸ்பெக்டர்தான் ஆரம்பித்தார். "கவிஞரே, கையை ஒடிப்போம்னு போட்டிருக்கீங்க. இதை நீங்க தெருவுல சொன்னா நான் உங்க மேல கேஸ் போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு அந்த வரியை அழித்தேன். அழிக்க மனசே இல்லை.

ஆலோசகர் அம்மா மெதுவான குரல்காரர். "இந்தக் குளியலறை விஷயமெல்லாம் வேண்டாம் சார். எப்படி எப்படிப் பண்ணாங்கன்னு விலாவாரியா சொன்னா, அது சிலருக்குப் பாடமாப் போயிடும். ராகிங் தப்புன்னு ஒரு நாடகம் போட்டு, அதுல பண்ணிக் காட்டினதையே மறுநாள் விடுதியில பண்ணின கதை எனக்குத் தெரியும்."

"அப்புறம் 'பரிதாபத்துக்குரியவனே'ன்னு கூப்பிடாதீங்க" என்றார் தொடர்ந்து. "தன்னைப் பரிதாபமா பாக்குற இடத்துக்கு எந்தப் பையனும் புகார் குடுக்க வர மாட்டான். பேர் வெளிய வராதுன்னு சொல்லுங்க. அதுதான் அவங்களுக்கு முதல் பயம்."

மேடம் தன் பங்குக்குச் சேர்த்தார். "வேடிக்கை பாத்தவனை விட்டுட்டீங்களே கவிஞரே. விதிப்படி பாத்துட்டுச் சும்மா இருந்தவனும் பதில் சொல்லணும். யார் பண்ணதுன்னு தெரியலேன்னா மொத்தக் கும்பலுக்கும் தண்டனை உண்டு. ஒவ்வொரு வருஷமும் பிள்ளையும் பெத்தவங்களும் உறுதிமொழிப் பத்திரத்துல கையெழுத்துப் போடுறாங்க, ஆனா அதுல என்ன இருக்குன்னு ஒருத்தரும் படிக்கிறதில்ல. கவிதையாவது சொல்லட்டும்."

என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளாளுக்கு ஒரு வரியைப் பிடுங்கினால் கடைசியில் தலைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

அப்போதுதான் அந்த மாணவர் பிரதிநிதிப் பெண் வாய் திறந்தாள். "சார், ஒண்ணு கேக்கலாமா? இதை எல்லாரும் திருப்பிச் சொல்லணும் இல்ல? அடி வாங்கின பையனும் கூட்டத்துல நிப்பான். அவனும் 'நான் அடித்தேன்'னு சொல்லணுமா?"

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அதுவரை வந்த எந்தத் திருத்தமும் அவரைத் தொடவில்லை, இது தொட்டுவிட்டது. அந்த ஒருவனை மாட்டிவைக்கிற ஆத்திரத்தில் அரங்கத்தில் இருக்கிற அத்தனை பிள்ளைகளையும் நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். முதல் வருடத்தில் அவரே அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் அவரும் அல்லவா அதைச் சொல்லியிருப்பார்?

"தப்புதாம்மா" என்றார். "பெரிய தப்பு. நாளைக்கு மாத்திக் கொண்டாறேன்."

மாற்றிக் கொண்டுவந்தார். திருப்பிச் சொல்கிற பழக்கத்தையே மாற்றிவிட்டார். படிப்பவர் ஒரு பத்தி படித்து நிறுத்த வேண்டும். அரங்கம் அதைத் திருப்பிச் சொல்லாது. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: 'சொல். கேட்கிறோம்.' அடித்தவன் சொல்ல வேண்டியதைப் படிப்பவர் மட்டும் சொல்வார். ஆத்திரமெல்லாம் போய், குளியலறை, ரத்தம் எல்லாம் போய், ஒரே ஒரு வரி மட்டும் அந்த நாளிலிருந்து மிச்சம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவை அந்த வரியில் வைத்தார். "வழுக்கி விழவில்லைன்னா? இது என்ன?"

"ஆஸ்பத்திரியில வழக்கமா சொல்றது அதுதானே சார்."

"அது சரி. எங்க ஸ்டேஷனுக்கு வர்ற ராகிங் கேசெல்லாம் முதல்ல வழுக்கி விழுந்த கேசாத்தான் வருது. இருக்கட்டும், நல்லா இருக்கு."

மேடம் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தார். "இதை வெளியில இருக்கிற பலகையிலயும் எழுதிப் போடலாம்" என்றார்.

கடையில் அதை டைப் அடித்தபோது நான் சும்மா இருப்பேனா? அந்த வரிக்குக் கீழே கேப்டனின் முழுப் பெயரையும், அவன் படித்த வருடத்தையும் அடித்தேன். அப்படியே திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"எடு" என்றார்.

"ஏன் எடுக்கணும்? டிவியில மத்தவங்க பேரையெல்லாம் சொல்லிக் கிழிக்கிறான் இல்ல? அவன் பேரும் வரட்டுமே."

"பேரைப் போட்டா என்ன நடக்கும்? மேடம் இதை நிறுத்திடுவாங்க. நிறுத்தலேன்னா அவன் மானநஷ்ட வழக்கு போடுவான், ஜெயிக்கவும் செய்வான். டாக்டர் சீட்டுல வழுக்கி விழுந்தான்னுதானே இருக்கு? நம்மகிட்ட என்ன சாட்சி?"

"அப்ப என்னதான் பண்றது?"

"பேர் இல்லேன்னா அவன்தான் அதைத் தன் பேர்னு ஒத்துக்கணும்" என்றார். "ஒத்துக்கலேன்னா படிச்சிட்டுப் போகட்டும். எப்படியும் அவன் வாயால வந்துடும் இல்ல?"

அத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் இந்த மனிதருக்குள் இவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. பெயரை எடுத்துவிட்டேன்.

இன்னொரு ஆபத்து இருந்தது. விருந்தினருக்கு ஒரு பிரதி முன்கூட்டியே அனுப்புவது மேடத்தின் வழக்கம். அனுப்பினார்கள். அவன் படித்துவிட்டால் உடம்பு சரியில்லை என்று வராமல் இருந்துவிடுவான். அன்றைக்கு மாலை வரை கடைக்கும் கல்லூரி அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தேன். கடைசியில் அவன் உதவியாளர் போனில் சொன்னாராம்: "சாருக்கு நேரமில்ல. மேடையிலயே பாத்துக்குவார்." மேடம் சலித்துக்கொண்டார். நான் கடைக்கு வந்த ஒரு பையனுக்கு எண்பது பக்கம் இலவசமாக நகல் எடுத்துக் கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

நிறைவு விழா அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. பக்கச் சுவர்களில் பிள்ளைகள் வரைந்த சுவரொட்டிகள், உதவி எண் எழுதிய அட்டைகள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் தனி வரிசைகளில். அவர்களோடு அவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியர்கள். நாற்காலிக்கு ஒரு தாள் நானே வைத்தேன். கேப்டனுக்கு மட்டும் பெரிய எழுத்தில் தனியாக அடித்து, உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஆய்வக வெள்ளை அங்கியோடு பக்கச் சுவர் ஓரம் நின்றார். நான் கடைசி வரிசை.

கேப்டன் வந்தான். ஆள் வாட்டசாட்டமாகத்தான் இருந்தான். வளவளவென்று பேசினான், பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு உறையைப் பிரித்து, ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு, தன் டிவிக் குரலில் தொடங்கினான். மாணவர் பிரதிநிதிப் பெண் இன்னொரு ஒலிபெருக்கியில் பதிலை எடுத்துக் கொடுக்க நின்றாள்.

"புதிதாய் வந்தவனே, புதிதாய் வந்தவளே,
உன் பெயரை உன் குரலில் சொன்னால் போதும்.
பாட வேண்டாம், ஆட வேண்டாம், குனிய வேண்டாம்.
எவனுக்கும் நீ வேடிக்கை இல்லை."

அரங்கம் எழுந்து நின்று சொன்னது: "சொல். கேட்கிறோம்."

"பயமாக இருக்கிறதா? இருக்கட்டும்.
பயந்தபடியே வா, கதவு திறந்திருக்கிறது.
உன் பெயரை வெளியே விடமாட்டோம்,
உன் புகாரை உள்ளே புதைக்கமாட்டோம்."

"சொல். கேட்கிறோம்."

"ஓரமாய் நின்று பார்த்தவனே,
நீ கை ஓங்கவில்லை, தெரியும்.
சிரித்தாயா? முகத்தைத் திருப்பிக்கொண்டாயா?
பார்த்த கண்ணுக்கும் பதில் உண்டு."

"சொல். கேட்கிறோம்."

அவனுக்குக் கவிதை பிடித்துப்போய்விட்டது. கையை ஆட்டி, ஏற்றி இறக்கிப் படித்தான். நான் என் தாளில் அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டேன்.

"அடித்தவனே, இனி உன் முறை.
விளையாட்டு என்ற சொல்லைக் கீழே வை.
மரபு என்ற சொல்லையும் கீழே வை.
இரண்டு கையும் காலியானதும் இதைச் சொல்:"

அடுத்த வரிக்குக் கண் போனது. வாய் போகவில்லை.

தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான், கிட்டே கொண்டுவந்தான். தண்ணீர் எடுத்துக் குடித்தான். அந்தப் பெண், பத்தி முடிந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, தன் பங்கைச் சொன்னாள். அரங்கமும் சொன்னது.

"சொல். கேட்கிறோம்."

"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு" என்று சிரிக்கப் பார்த்தான். அடப்பாவி! குழந்தைகள் படிக்கிற பாடப்புத்தகத்தில்கூட அவ்வளவு பெரிய எழுத்து இருக்காது. பிறகு அந்த வரியைத் தாண்டி, "சொன்னால் தண்டனை இல்லை என்று…" என்று கடைசிப் பத்திக்குப் போனான். எல்லோர் கையிலும்தான் தாள் இருக்கிறதே, எங்கே தாண்டுவது? பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

"சார், ஒரு வரி விட்டுப்போச்சு" என்றாள் அந்தப் பெண், மிக மரியாதையாக.

அவன் அரங்கத்தைப் பார்த்தான். இதை எழுதியவன் யார் என்று தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் பக்கச் சுவருக்கு வந்தான். அங்கே என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கை கட்டவில்லை, முறைக்கவில்லை, தலை குனியவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ விழாவில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த அந்த முகத்தை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

யாரும் சொல்லிக் கொடுக்காமலே முதலாம் ஆண்டு வரிசைகளிலிருந்து அந்தப் பதில் மறுபடி கிளம்பியது. அரங்கம் முழுக்கப் பரவியது.

"சொல். கேட்கிறோம்."

"அவன் வழுக்கி விழவில்லை" என்று படித்தான். டிவிக் குரல் போய்விட்டது. "நான்…" என்று நிறுத்தினான். "நான் அடித்தேன்."

"சொல். கேட்கிறோம்" என்றது அரங்கம். அது தாளில் இருந்த பதில்தான். பிள்ளைகள் விதிப்படி சொன்னார்கள். ஆனால் அவனுக்கு அது போதாது என்று கேட்டிருக்க வேண்டும். தாளைக் கீழே வைத்தான். ஒலிபெருக்கியிலிருந்து வாய் விலகியிருந்தது, இருந்தாலும் முன்வரிசை முழுக்கக் கேட்டது, கடைசி வரிசையில் எனக்கும் கேட்டது.

"நான்தான் அடிச்சேன். அவனைப் பொய் சொல்ல வெச்சதும் நான்தான்."

அதற்குமேல் அவனால் படிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மேடம் எழுந்திருப்பதற்குள் என் வீட்டுக்காரர் படியேறி மேடைக்குப் போனார். தாளை எடுக்கவில்லை, அவருக்குத் தெரியாத வரியா? கேப்டனைப் பார்த்தபடியே சொன்னார்.

"சொன்னால் தண்டனை இல்லை என்று பொய் சொல்லமாட்டோம்.
தண்டனை உண்டு. அது சட்டப்படி வரும்.
அதில் ஒரு அடிகூட எங்கள் கையிலிருந்து வராது.
உன் முகத்தில் கரி பூசமாட்டோம், உன் தாயைப் பழிக்கமாட்டோம்.
தண்டனை முடிந்த மறுநாள்
வகுப்பில் உன் பெயரைக் கூப்பிடுவோம்.
உள்ளேன் என்று சொல்."

"கேட்கிறோம்" என்றது அரங்கம்.

அந்த மேடையில் அவன் எதிரே நின்று, ஒரு அடிகூட எங்கள் கையிலிருந்து வராது என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. ஒரே ஒரு அடி, என் கணக்கில், வந்திருக்கலாம்.

பிள்ளைகள் கலைந்த பிறகு பார்த்தால், ஆலோசகர் அம்மா அறை வாசலில் மூன்று முதலாமாண்டுப் பையன்களும், அவர்களுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு ஒரு இரண்டாமாண்டுப் பையனும் நின்றார்கள். மேடம் அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை.

நான் மிச்சமான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கேப்டன் எங்களிடம் வந்தான். கூட யாரும் இல்லை. சரியாக என் வீட்டுக்காரரின் வலது பக்கம் வந்து நின்றான். எந்தக் காதில் அடித்தோம் என்று அவனுக்கு நினைவு இருந்திருக்கிறது, அத்தனை வருடமும்.

"என்னை மன்னிச்சிடுடா" என்றான். கையை நீட்டினான்.

என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். "அது எனக்கு இன்னும் வரல சார்" என்றார். "நீங்க சொன்னதைக் கேட்டேன். அது போதும். மன்னிப்பு வந்தா நானே சொல்லி அனுப்புறேன். சாப்பாடு தயாரா இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க."

அவன் என் பக்கம் திரும்பினான். பெண் பிள்ளை, இளகிவிடுவாள் என்று நினைத்தான் போல.

"நான் அவர் சம்சாரம்" என்றேன். "எனக்கு அது வரவே வராது."

நீட்டிய கையை அவன் மெதுவாக மடக்கிக்கொண்டான். நான் தாள் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கடையைத் திறக்கப் போனேன்.